நன்றாகத்தான் பேசினோம், "தேங்க்ஸ், டேக் கேர்" என்று வந்தது, ஐந்து நாளாகச் சத்தமே இல்லை

பெருங்குடி_பையன் (வியாழன், இரவு 11:20)

எனக்கு வயது 29. ஒரு ஆப் மூலம் அறிமுகமாகி மூன்று வாரம் பேசிய ஒரு பெண்ணை, போன சனிக்கிழமை முதல் தடவையாக நேரில் பார்த்தேன். பெசன்ட் நகரில் ஐந்து மணிக்குக் காபி. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். காபி முடிந்து, கடற்கரை வரை நடந்து, சுண்டல் வாங்கி, ஷ்மிட் நினைவு மண்டபம் பக்கம் மணலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்ததில் எட்டரை ஆகிவிட்டது. ஏழு மணி வாக்கில் அவளே, "எதுக்கு இந்த வாங்க போங்க, நீ வா போன்னே பேசலாமே" என்றாள். கிளம்பும்போது, "அடுத்த தடவை அஷ்டலட்சுமி கோயில் பக்கம் போகலாம், அங்க கூட்டம் கம்மி" என்றாள். ஆட்டோ ஏறும்போது, "சரி, வரேன்" என்று கை காட்டினாள்.

அன்று இரவு 10:40க்கு வந்த மெசேஜ் இது: "இன்னைக்கு நேரம் ஒதுக்கினதுக்கு ரொம்ப தேங்க்ஸ். உங்களோட பேசினது நல்லா இருந்துச்சு. டேக் கேர்." கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை.

காலையில் பார்த்துவிட்டு, "எனக்கும்தான். தேங்க்ஸ். ஹேப்பி சண்டே" என்று போட்டேன். நீல டிக் வந்தது. அதோடு சரி. செவ்வாய்க்கிழமை நான் போட்ட ஸ்டேட்டஸைப் பார்த்திருக்கிறாள். மெசேஜ் இல்லை. இதற்கு என்ன அர்த்தம்?

---

நீலடிக் (வியாழன், 11:41)

நண்பா, பயப்படாதே. ஸ்டேட்டஸ் பார்த்திருக்கிறாள் என்றால் ஆர்வம் இருக்கிறது. பிடிக்காதவன் ஸ்டேட்டஸை யார் பார்ப்பார்கள்?

இதைப் பற்றி ஆராய்ச்சியே இருக்கிறது. 2018இல் எரிகா பூத்பியும் மற்றவர்களும் சேர்ந்து செய்தது. முன்பின் தெரியாத இரண்டு பேரைப் பேசவிட்டு, பிறகு தனித்தனியாகக் கேட்டார்கள்: உனக்கு அவரை எவ்வளவு பிடித்தது, அவருக்கு உன்னை எவ்வளவு பிடித்திருக்கும்? நமக்கு அவரைப் பிடித்த அளவு அவருக்கு நம்மைப் பிடித்திருக்காது என்றுதான் பெரும்பாலும் எல்லோரும் நினைக்கிறார்கள். அது தப்புக் கணக்கு. ஆக, அவளுக்கு உன்னை நீ நினைப்பதைவிட அதிகம் பிடித்திருக்கிறது. மூன்று நாள் கெத்தாக இரு, அவளே வருவாள்.

---

சிறுவாணி (வெள்ளி, காலை 7:05)

மூன்று நாள் தாண்டி, நேற்றோடு இன்னும் இரண்டு நாளும் ஆகிவிட்டதுங்களே. இன்னும் எத்தனை நாள் கெத்தாக இருப்பார்?

ஸ்டேட்டஸ் விஷயம் ஒன்று. ஒருவருடையது முடிந்தால் அடுத்தவருடையது தானாக ஓடும். நான் என் தங்கச்சியின் ஸ்டேட்டஸைப் பார்க்கப் போய், கூடவே பழைய வீட்டு ஓனர், பால்காரர், ஜிம் மாஸ்டர் எல்லாருடையதையும் பார்த்திருக்கிறேன். பால்காரர் மேல் எனக்கு ஆர்வம் கிடையாது.

---

ராமநாதன்_ஓய்வு (வெள்ளி, 7:50)

தம்பி, பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் வீட்டார் பதில் சொல்லாமல் இருந்தால் ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் காலத்தில் பதினைந்து நாள் கழித்துக்கூடக் கடிதம் வந்திருக்கிறது. தரகர் யார்? அவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் நேரடியாகக் கேட்பது மரியாதையாக இருக்காது.

---

பெருங்குடி_பையன் (வெள்ளி, 8:15)

ஐயா, தரகர் இல்லை. ஜாதகமும் இல்லை. வீட்டுக்கே தெரியாது.

---

ராமநாதன்_ஓய்வு (வெள்ளி, 8:22)

வீட்டுக்குத் தெரியாமல் எட்டரை மணி வரை கடற்கரையிலா? சரி சரி. மற்றவர்கள் சொல்லட்டும்.

---

தாழம்பூ (வெள்ளி, 10:10)

நான் சில வருஷம் ஒரு திருமணத் தகவல் மையத்தில் வேலை பார்த்தேன். வரன் பார்ப்பவர்களுக்கு, பெற்றோர் இல்லாமல் முதல் சந்திப்பு ஏற்பாடு செய்வதும் என் வேலை. அடுத்த நாள் பதினோரு மணி வாக்கில் இரண்டு பக்கமும் போன் போட்டுக் கேட்க வேண்டும். அதனால் இந்தக் கதையின் மறுபக்கத்தை நிறையக் கேட்டிருக்கிறேன்.

போனை எடுத்ததும் எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "நல்லாப் பேசினாருங்க", "நல்ல பொண்ணுங்க". மறுத்துவிடப் போகிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள். பொய்யும் இல்லை, நிஜமாகவே நன்றாகத்தான் பேசியிருப்பார்கள். ஆரம்பத்தில் அதை நம்பி இன்னொரு பக்கத்துக்குச் சொல்லி மாட்டிக்கொண்டேன். பிறகு அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதுவதையே விட்டுவிட்டேன். நேராக, "அடுத்த வாரம் அவருக்கு வசதிப்படுமாம், உங்களுக்கு எந்த நாள்?" என்று கேட்பேன். விருப்பம் இருப்பவர் ஒரு நாளைச் சொல்வார். முடியாவிட்டாலும், "இந்த ஞாயிறு கல்யாணம் இருக்கு, அடுத்த ஞாயிறு?" என்று இன்னொரு நாளைச் சொல்வார். விருப்பம் இல்லாதவர் வேலைப் பளுவைப் பற்றிப் பேசுவார். இதுவும் தவறியதுண்டு. ஆனால் மற்ற அடையாளங்களைவிடக் குறைவாகத் தவறியது.

ஆகவே தம்பி, மூன்றரை மணி நேரம் நன்றாகப் போனதும், அடுத்த தடவை பார்க்க ஆசைப்படுவதும் வேறு வேறு. முதலாவதை வைத்து இரண்டாவதைக் கணக்குப் போடுகிறீர்கள்.

நீலடிக் சொன்ன ஆராய்ச்சி உண்மைதான். ஆனால் அது அறிமுகமில்லாதவர்கள் சும்மா பேசியதைப் பற்றியது. தங்களை அடுத்தவருக்கு எவ்வளவு பிடித்தது என்பதை எல்லோரும் பொதுவாகக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பதால், இந்த ஒரு பெண்ணுக்கு இவரைக் காதலிக்கும் அளவுக்குப் பிடித்தது என்று ஆகிவிடாது. எனக்கு என் பல் டாக்டரைக்கூடப் பிடிக்கும்.

இனி அந்த மெசேஜ். "நேரம் ஒதுக்கினதுக்கு" என்பது ஆபீஸ் மீட்டிங் முடிந்ததும் எழுதுவது. சுண்டல் இல்லை, மணல் இல்லை, அஷ்டலட்சுமி கோயில் இல்லை. அன்று நடந்த எதுவுமே அதில் இல்லை. அதே மெசேஜை யாரைப் பார்த்துவிட்டு வந்தாலும் அனுப்பலாம். கேள்வியும் இல்லை. "டேக் கேர்" என்பது கதவைச் சாத்தும் சொல். அதை மட்டும் பார்த்தால், நாசூக்காக விடைபெறுகிறாள் என்று முக்கால்வாசி சொல்வேன்.

மீதிக் கால்வாசி உங்களால். நீங்கள் என்ன பதில் போட்டீர்கள்? "எனக்கும்தான். தேங்க்ஸ். ஹேப்பி சண்டே." அதிலும் சுண்டல் இல்லை, கேள்வி இல்லை. அதற்கு அவள் என்ன பதில் எழுத முடியும், "ஹேப்பி சண்டே டூ யூ" என்பதைத் தவிர? ஒருவேளை அவளும் இப்போது தோழியிடம் உங்கள் மெசேஜைக் காட்டி, "இதுக்கு என்னடி அர்த்தம்" என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். பேச்சை அவள் நிறுத்தினாளா, நீங்கள் நிறுத்தினீர்களா என்று இதுவரை நீங்கள் கொடுத்ததை வைத்துச் சொல்ல முடியாது.

---

தெம்பனிஸ்_தேவி (வெள்ளி, 12:30)

தாழம்பூ கடைசியில் சொன்னது எனக்கே நடந்தது. நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஒருவரைப் பார்த்துவிட்டு வந்து, அரை மணி நேரம் எழுதி எழுதி அழித்து, அலையக்கூடாது என்று கடைசியில், "தேங்க்ஸ் ஃபார் தி ஈவினிங், டேக் கேர்" என்று அனுப்பினேன். முதலில் எழுதியது ஏழு வரி. அதில் அவர் சொன்ன நாய்க் கதை, அடுத்த வாரம் ஈஸ்ட் கோஸ்ட் போகலாமா என்பதெல்லாம் இருந்தது. ரொம்ப ஆசைப்படுகிறவள் மாதிரி தெரியும் என்று ஒவ்வொரு வரியாக எடுத்துவிட்டேன். கடைசியில் மிஞ்சியது ஆபீஸ் மெயில்.

அவரிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. ஒரு மாதம் அந்தக் கட்டைவிரலைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நண்பர் வீட்டு விருந்தில் பார்த்தபோது, "நீதானே டேக் கேர் சொல்லிட்டே" என்றார். அதற்குள் அவருக்கு வேறு ஆள் அமைந்துவிட்டது.

எனவே மொட்டை மெசேஜ் என்றால் ஆர்வம் இல்லை என்று சொல்லாதீர்கள். பயமும் மெசேஜை மொட்டையடிக்கும்.

---

நீலடிக் (வெள்ளி, 12:48)

அதைத்தான் நானும் சொன்னேன். அவளுக்குப் பிடித்திருக்கிறது.

---

தாழம்பூ (வெள்ளி, 1:05)

இல்லை, நீங்கள் சொன்னது "கெத்தாக இரு". தேவியின் கதையில் இரண்டு பேரும் கெத்தாக இருந்ததில்தான் போயிற்று.

---

கூந்தல்பனை (வெள்ளி, 2:20)

நான் உளவியல் முதுகலை மாணவி. எனக்கு ஒரு விஷயம் படுகிறது. "அடுத்த தடவை கோயில் பக்கம் போகலாம்" என்று அவள் நேரில் சொன்னதைப் பெரிய அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2014இல் சமந்தா ஜோயல் குழுவினர் டொராண்டோவில் செய்த ஒரு ஆய்வு இருக்கிறது. அழகில்லாத ஒருவர் அறிமுகமாக விரும்பினால் ஒப்புக்கொள்வீர்களா என்று கற்பனையாகக் கேட்டபோது, மறுத்துவிடுவோம் என்றவர்கள் அதிகம். அதே ஆள் நிஜமாகவே பக்கத்தில் இருக்கிறார் என்று நம்பவைத்துக் கேட்டபோது, தொடர்பு எண்ணைப் பரிமாறிக்கொள்ள ஒப்புக்கொண்டவர்கள் கணிசமாகக் கூடினார்கள். எதிரில் இருப்பவர் மனம் நோகக்கூடாது என்பது ஒரு முக்கியமான காரணம்.

அதாவது நேரில் "இல்லை" சொல்வது நாம் நினைப்பதைவிடக் கஷ்டம். சுண்டல் கையில் இருக்கும்போது "அடுத்த தடவை" என்று வாயில் வந்துவிடும். ஆட்டோவில் ஏறி, திருவான்மியூர் சிக்னல் தாண்டியதும் வேறு மாதிரி தோன்றும். அவள் ஏமாற்றவில்லை. அந்த நேரத்துக்கு அது உண்மைதான்.

நம் மொழியிலேயே அது இருக்கிறதே. "போறேன்" என்றால் அபசகுனம் என்று எல்லோரிடமும் "வரேன்" என்கிறோம். "வரேன்" சொன்னவர்கள் எல்லோரும் வந்திருந்தால் வீட்டில் உட்கார இடம் இருக்காது.

---

பெருங்குடி_பையன் (வெள்ளி, 6:40)

ஆட்டோ ஏறும்போது சொன்ன "வரேன்"ஐ நான் வேற லெவலில் வைத்திருந்தேன். அதுவும் போச்சு.

ஆனால் ஒன்று. ஏழு மணிக்கு அவளே "நீ வா போ" என்று மாறினாள். மெசேஜில் "உங்களோட" என்று மறுபடி வாங்க போங்க. தாழம்பூ அக்கா, இதுதான் எனக்குக் குத்துகிறது. இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

---

தாழம்பூ (வெள்ளி, 7:30)

கவனித்தேன், உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று விட்டேன். "நீ"க்கு வந்தவர் "நீங்க"வுக்குத் திரும்பினால் ஒரு அடி பின்னால் போய் நிற்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். கோபத்தில் தூரம் வைப்பவர்களும் அப்படிச் செய்வார்கள்.

---

சிறுவாணி (வெள்ளி, 7:44)

எங்க ஊர்ப் பக்கம் ஏழு வயசுக் குழந்தையையும் "வாங்க கண்ணு" என்போம். என் வீட்டுக்காரரை இருபது வருஷமாக வாங்க போங்கதான். அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அதற்காக எங்களுக்குள் தூரம் என்று ஆகுமா? பெண்ணுக்கு எந்த ஊர்?

---

பெருங்குடி_பையன் (வெள்ளி, 7:50)

பொள்ளாச்சி.

---

சிறுவாணி (வெள்ளி, 7:52)

😂😂 அப்ப அந்த "உங்களோட" செல்லாதுங்க.

---

தாழம்பூ (வெள்ளி, 8:15)

பொள்ளாச்சி என்றால் அந்த அத்தாட்சியை வாபஸ் வாங்குகிறேன். முழுக்க இல்லை, பாதி.

தம்பி, எனக்கு ஒன்று சொல்லுங்கள். மூன்றரை மணி நேரம் பேசியதில் யார் அதிகம் கேள்வி கேட்டது? அவளுடைய கூடப்பிறந்தவர் பெயர் என்ன? வேலையில் அவளுக்கு எது பிடிக்கவில்லை?

---

பெருங்குடி_பையன் (வெள்ளி, 9:35)

ஒரு மணி நேரமாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவளுக்கு அண்ணனா தம்பியா என்று தெரியவில்லை. யாரோ ஒருவர் உண்டு. பிசியோதெரபிஸ்ட் என்பது ஆப்பிலேயே இருந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கவில்லை. நான் பெங்களூர் வேலையை விட்டது, அப்பாவோடு பேசாமல் இருந்த ஆறு மாதம், புல்லட் வாங்கியது, என் மேனேஜர், எல்லாம் அவள் கேட்டாள், சொன்னேன். "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதனால்தான் நன்றாகப் போனது என்று நினைத்தேன்.

ஒரு இடத்தில் அவள் பாட்டியைப் பற்றி ஆரம்பித்தாள். தென்னந்தோப்பில் தனியாக இருக்கிறார், மெட்ராஸுக்கு வரமாட்டேன் என்கிறார் என்று. நான் உடனே, "எங்க பாட்டியும் அப்படித்தான்" என்று ஆரம்பித்து, எங்கள் பாட்டி கதையில் இருபது நிமிஷம் போய்விட்டது. அவள் பாட்டி கதை பாதியில் நின்றது.

---

தெம்பனிஸ்_தேவி (வெள்ளி, 9:48)

ஐயோ.

---

கூந்தல்பனை (வெள்ளி, 10:02)

அப்படியென்றால் "உங்களோட பேசினது நல்லா இருந்துச்சு" என்பதை வேறு மாதிரி படிக்க வேண்டியிருக்கும். நீங்கள் பேசினீர்கள், அவள் கேட்டாள். உங்களுக்கு அது நெருக்கம். அவளுக்கு இன்னொரு டூட்டியாக இருந்திருக்கலாம். பகல் முழுவதும் நோயாளிகள் கதையைக் கேட்கிறவள் அவள்.

---

நீலடிக் (வெள்ளி, 10:10)

கேள்வி கேட்பது ஆர்வம்தானே? பிடிக்காதவனிடம் "அப்புறம்" என்று யார் கேட்பார்கள்?

---

தாழம்பூ (வெள்ளி, 10:40)

அதுவும் பாதி சரி. முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு அது ஆர்வம்தான். ஆர்வம் இல்லையென்றால் காபியோடு கிளம்பியிருப்பாள். அதன் பிறகு அவள் தன் முறைக்காகக் காத்திருந்திருக்கலாம். எட்டரை வரை வரவில்லை. இது என் ஊகம். அவளுக்கு வேறு யாராவது பேச்சுவார்த்தையில் இருக்கலாம், வீட்டில் ஏதாவது நடந்திருக்கலாம், ஐந்து நாளும் நைட் டூட்டியாகவும் இருக்கலாம். இங்கே உட்கார்ந்து எதையும் கழிக்க முடியாது.

ஆனால் ஒரு மெசேஜ் போடலாம். ஒன்றே ஒன்று. அதில் மூன்று சங்கதி இருக்கட்டும். பாட்டி கதை பாதியில் நின்றதை நீங்கள் கவனித்தீர்கள் என்பது. ஒரு நாளும் நேரமும் இடமும். அப்புறம், வேண்டாம் என்றால் சிரமமில்லாமல் சொல்லிவிட ஒரு வழி. "எப்ப ஃப்ரீ?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்லாமல் நாள் கடத்துவது சுலபம். "ஏன் மெசேஜ் பண்ணலை, ஏதாவது தப்பா?" என்று கேட்கவே கேட்காதீர்கள், பார்த்தது ஒரு தடவை, அதற்குள் கணக்குக் கேட்பதுபோல் ஆகிவிடும். மன்னிப்புக் கடிதமும் வேண்டாம், அதுவும் உங்களைப் பற்றியதாகவே ஆகிவிடும்.

---

பெருங்குடி_பையன் (சனி, காலை 10:15)

போட்டுவிட்டேன்:

"உங்க பாட்டி தோப்பை விட்டு வரமாட்டேங்கறாங்கன்னு ஆரம்பிச்சீங்க, நான் குறுக்கே பூந்து எங்க பாட்டி கதைய சொல்லிட்டேன். மீதியைக் கேக்கணும்னு இருக்கு. நாளைக்கு இல்ல, அடுத்த ஞாயிறு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்த கோயில் பக்கம் வர முடியுமா? வேண்டாம்னு தோணினா ஒரு வரி சொல்லிடுங்க, தப்பா எடுத்துக்க மாட்டேன்."

இரண்டு சாம்பல் டிக்.

---

சிறுவாணி (சனி, 10:20)

"வாங்க போங்க"வில் போட்டிருக்கிறீர்கள், பொள்ளாச்சிக்குச் சரியாக இருக்கும்.

---

பெருங்குடி_பையன் (சனி, மாலை 4:05)

பதில் வந்தது!

"ஹாஹா கவனிச்சீங்களா! பாட்டிக்கு இப்ப உடம்பு சரியில்ல, ரெண்டு நாளா ஊர்லதான் இருக்கேன். எப்ப திரும்புவேன்னு தெரியல. வந்ததும் சொல்றேன்."

---

நீலடிக் (சனி, 4:07)

சொன்னேனா இல்லையா!

---

கூந்தல்பனை (சனி, 4:30)

"வந்ததும் சொல்றேன்." இதில் நாளும் இல்லை, இடமும் இல்லை. தாழம்பூ கணக்குப்படி இது வேலைப் பளு பதில்.

---

தெம்பனிஸ்_தேவி (சனி, 4:41)

பாட்டிக்கு முடியவில்லை என்கிறாள், அதில் எப்படி நாள் சொல்வாள்? "கவனிச்சீங்களா"வுக்கு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாள். போன மெசேஜில் அது இல்லை.

---

தாழம்பூ (சனி, 6:00)

ஆச்சரியக்குறியை எடை போட என்னிடம் தராசு இல்லை. ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. போன மெசேஜை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். இதை இவருக்கு மட்டும்தான் அனுப்ப முடியும்.

இப்போது பாட்டியைப் பற்றி ஒரு வரி விசாரித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். ஞாயிறு பேச்சை எடுக்காதீர்கள். அவள் திரும்பி வந்து ஒரு வாரம் போயும் அவளாக எதுவும் சொல்லவில்லையென்றால், அதுதான் பதில். அதற்குமேல் கேட்க வேண்டியதில்லை.

---

ராமநாதன்_ஓய்வு (சனி, 6:30)

பாட்டிக்கு என்ன உடம்பு? முதலில் அதைக் கேளுங்கள் தம்பி.

---

பெருங்குடி_பையன் (சனி, 6:45)

கேட்டேன் ஐயா. மூச்சுத்திணறல், இப்போது பரவாயில்லையாம். தோப்புப் படம் ஒன்று அனுப்பினாள். கயிற்றுக் கட்டிலில் பாட்டியின் கால் மட்டும் தெரிகிறது.

---

நீலடிக் (அடுத்த வியாழன், இரவு 9:10)

நண்பா, என்ன ஆச்சு?

---

பெருங்குடி_பையன் (வியாழன், 9:55)

செவ்வாய் இரவே சென்னைக்கு வந்துவிட்டாள் போல. ஸ்டேட்டஸில் ரயில் ஜன்னல் படம் இருந்தது. எனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை.

---

சிறுவாணி (வியாழன், 9:58)

அந்த ஸ்டேட்டஸை நீங்களாகத் திறந்து பார்த்தீங்களா, இல்லை தானாக ஓடிச்சா?

---

பெருங்குடி_பையன் (வியாழன், 10:01)

நானாகத்தான்.

---

தாழம்பூ (வியாழன், 10:20)

செவ்வாயிலிருந்து எண்ணினால் இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.